ஆர்டர் மெயிலில் யாரை எந்தக் கட்டத்தில் போடுவது?

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நீங்கள் மெர்ச்சண்டைசர் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்து பையர் ஒருவர் 6,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். பி.ஓ. எண் 4417, நிறம் நேவி, விலை FOB தூத்துக்குடி. சாயப்பட்டறைக்கும், கப்பல் ஃபார்வர்டருக்கும், பையருக்கும் நீங்கள்தான் மெயில் எழுத வேண்டும். மெயில் எழுதும் பெட்டியில் முகவரிக்கு மூன்று கட்டங்கள் இருக்கின்றன. எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதை இந்த ஒரே ஆர்டரை வைத்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு விதி. சாயப்பட்டறை, ஃபார்வர்டர், பையர் ஆகிய மூவரையும் ஒரே மெயிலில் சேர்க்காதீர்கள். எல்லாருக்கும் ஒரே தகவல்தானே என்று தோன்றும். ஆனால் முதல் பதில் வந்ததுமே ஒருவர் விலை பேசுவார், இன்னொருவர் தாமதத்துக்குக் காரணம் சொல்வார், பையர் இரண்டையும் படித்துக்கொண்டிருப்பார். மூன்று தரப்புக்கும் மூன்று மெயில். இருவர் ஒரே மெயிலில் சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது புக்கிங் பகுதியில் வரும்.

மூன்று கட்டமும் மூன்று கேள்வியும்

1. இந்த மெயிலைப் படித்துவிட்டு ஒரு வேலையைச் செய்ய வேண்டியவர் யார்? அவர் To.
2. வேலை அவருடையது இல்லை. ஆனால் இது தெரியாவிட்டால் அவருடைய வேலை நின்றுபோகும். அப்படிப்பட்டவர் யார்? அவர் Cc.
3. ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியக் கூடாத பட்டியலா இது? அப்படியானால் மட்டுமே Bcc.

To கட்டத்தில் முடிந்தவரை ஒருவர் போதும். இரண்டு பேரைப் போட்டால், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும், அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும் விட்டுவிடுவார்கள். ஒரே மெயிலில் இருவருக்கு வேலை இருந்தே தீரும் என்றால், யாருக்கு எது என்று பெயர் சொல்லித் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

மரியாதைக்காக யாரையும் Cc-யில் சேர்க்காதீர்கள். நம் ஊர் நிறுவனங்களில் முதலாளியை எல்லா மெயிலிலும் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. நாளுக்கு இருநூறு மெயில் வரும் முதலாளி எதையும் படிப்பதில்லை. அவர் பார்த்தே ஆக வேண்டிய மெயிலும் அந்தக் குவியலில் போய்விடும்.

சாயப்பட்டறைக்கு மெயில்

சிறிய பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே மெயில் ஐ.டி.தான் இருக்கும். அதைத் திறப்பவர் கணக்குப்பிள்ளை. சாயம் போடும் மேனேஜர் போனில்தான் வாழ்வார். ஆகவே To-வில் அந்தப் பொது ஐ.டி.யைப் போட்டு, உள்ளே முதல் வரியில் மேனேஜர் பெயரை எழுதுங்கள். அனுப்பியதும் அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். மெயில் எழுத்துச் சாட்சிக்கு, போன் வேலை நகர்வதற்கு.

Cc-யில் உங்கள் ஆட்கள் இருவர்: துணியை இறக்கி எடை பார்க்கும் ஸ்டோர்காரர், தேதியை நம்பி கட்டிங் டேபிளைத் திட்டமிடும் புரொடக்‌ஷன் மேனேஜர். அட்வான்ஸ் போக வேண்டும் என்றால் மட்டும் அக்கவுண்ட்ஸ்.

பையர் இந்த மெயிலில் எந்தக் கட்டத்திலும் வரக் கூடாது. இதில் தவறு நடப்பது பெயர் சேர்க்கும்போது அல்ல, ஃபார்வர்டு செய்யும்போது. லேப் டிப்பைப் பார்த்துவிட்டு பையர் "B ஓகே" என்று பதில் போடுகிறார். அந்த மெயிலை அப்படியே பட்டறைக்குத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அதற்குக் கீழே மூன்று வாரப் பேச்சு முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு டி-ஷர்ட்டுக்கு நீங்கள் கேட்ட விலை, பையர் குறைத்த விலை, கடைசியில் முடிந்த விலை எல்லாம் அதில் இருக்கும். அடுத்த முறை கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னால் பட்டறைக்காரர் சிரிப்பார்.

இதற்கு வழி:

1. ஃபார்வர்டு செய்யாமல் புது மெயில் திறங்கள்.
2. பையர் எழுதிய ஒப்புதல் வரியை மட்டும் நகலெடுத்து ஒட்டுங்கள்.
3. லேப் டிப் எண்ணையும் ஒப்புதல் தேதியையும் நீங்களே எழுதுங்கள்.
4. எக்செல் ஃபைல் இணைக்கிறீர்கள் என்றால், அடியில் உள்ள எல்லா ஷீட்டையும், Unhide கொடுத்து மறைந்திருப்பவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மறைத்து வைத்த காஸ்டிங் ஷீட்டும் ஃபைலோடு சேர்ந்தே போகும். கூடுமானவரை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

*தேதி தவறினால்:* பட்டறை முதலாளியை Cc-யில் சேர்ப்பது ஒரு ஆயுதம். அதை முதல் மெயிலிலேயே எடுத்தால் மேனேஜருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், அடுத்த ஆர்டரில் உங்கள் துணி வரிசையில் கடைசிக்குப் போகும். முதலில் போன்: "ஏனுங்கண்ணா, நாளைக்குள்ள ஒரு தேதி சொல்லிருங்க. இல்லீன்னா உங்க முதலாளியையும் சேர்த்துத்தான் மெயில் போடோணும்ங்க." பெரும்பாலும் தேதி வந்துவிடும். வராவிட்டால் சேருங்கள், சேர்த்ததை மெயிலின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று பட்டறையில் விலை கேட்கும்போது

ஒரே மெயிலை மூன்று பட்டறைக்கும் Bcc-யில் அனுப்பினால் வேலை மிச்சம் என்று நினைப்பீர்கள். அனுப்பாதீர்கள். மெயிலைப் பெறும் பட்டறைக்காரர் பார்வையில் அதன் To கட்டத்தில் அவர் முகவரி இருக்காது. பத்துப் பேருக்குப் போன சுற்றறிக்கை என்று அவருக்குப் புரிந்துவிடும். பதிலுக்கு அவசரப்பட மாட்டார், விலையும் மனம் வைத்துச் சொல்ல மாட்டார். மூன்று பேருக்கும் தனித்தனியாக, பெயர் போட்டு அனுப்புங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும்.

ஃபார்வர்டருக்குப் புக்கிங்: இங்கே டெலிவரி நிபந்தனை பேசுகிறது

பையரை Cc-யில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை உங்கள் விருப்பமோ பழக்கமோ முடிவு செய்யக் கூடாது. பி.ஓ.வில் FOB என்று இருக்கிறதா, CIF என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

FOB என்றால் கப்பல் ஏற்பாடும் கப்பல் கட்டணமும் பையருடையவை. ஃபார்வர்டரையும் வழக்கமாக அவரே சொல்லிவிடுவார். சரக்கு எந்தக் கப்பலில் ஏறுகிறது என்பது அவருடைய சொந்த விஷயம். ஆகவே புக்கிங் மெயிலில் பையரின் லாஜிஸ்டிக்ஸ் ஆளை Cc-யில் போட வேண்டும். தேதி முன்னே பின்னே ஆனால் ஃபார்வர்டர் அவரிடம்தான் அனுமதி கேட்பார். அவர் மெயிலில் இல்லாவிட்டால் இரண்டு நாள் வீணாகும்.

CIF அல்லது CFR என்றால் கப்பல் கட்டணம் உங்களுடையது. ஃபார்வர்டரை நீங்கள் தேடுகிறீர்கள். பேரம், கட்டணம், தள்ளுபடி எல்லாம் உங்கள் வீட்டு விஷயம். பையர் அந்த மெயிலில் இருக்கக் கூடாது. கப்பல் உறுதியானதும் பெயரையும் தேதியையும் அவருக்குத் தனி மெயிலில் சொல்லுங்கள்.

நம் 4417 FOB. கணக்கு இது: கார்ட்டனுக்கு 50 பீஸ் வீதம் 6,000 பீஸுக்கு 120 கார்ட்டன். கார்ட்டன் அளவு 60 × 40 × 30 செ.மீ. என்றால் ஒன்றுக்கு 0.072 கன மீட்டர், மொத்தம் 8.64 கன மீட்டர். முழு கண்டெய்னருக்குப் போதாது. மற்றவர் சரக்கோடு சேர்ந்து போகும்.

மெயிலின் தலைப்பகுதி இப்படி அமையும்:

To: ஃபார்வர்டரின் புக்கிங் டெஸ்க்
Cc: பையரின் லாஜிஸ்டிக்ஸ் ஆள், நம் கஸ்டம்ஸ் ஏஜென்ட், நம் டாக்குமென்டேஷன் ஆள்
Bcc: காலி
Subject: `PO 4417 / Booking request / 120 ctns / 8.64 cbm / Ready 14 Nov`

To-வில் ஃபார்வர்டர் அலுவலகத்தில் உங்களுக்குத் தெரிந்த பையனின் சொந்த ஐ.டி.யை மட்டும் போடாதீர்கள். அவன் லீவு போட்டால் புக்கிங்கும் லீவு. டெஸ்க்குக்கு என்று பொது ஐ.டி. இருந்தால் அதுதான் To, தெரிந்தவர் Cc.

கஸ்டம்ஸ் ஏஜென்ட் இந்த மெயிலில் Cc-யில் இருப்பது தேதி தெரிவதற்காக. ஷிப்பிங் பில் போட அவருக்கு விலையுள்ள இன்வாய்ஸ் வேண்டும். அதை இந்த மெயிலில் இணைக்காமல், அவரை To-வில் போட்டுத் தனியாக அனுப்புங்கள். புக்கிங்குக்கு கார்ட்டன் எண்ணிக்கை, எடை, அளவு போதும்.

இன்னொரு நுணுக்கம். FOB-யிலும் துறைமுகத்தின் இந்தப் பக்கத்துச் செலவு உங்கள் தலையில்தான் வரும்: டெர்மினல் கட்டணம், குடோன் கட்டணம், டாக்குமென்ட் கட்டணம். ஃபார்வர்டர் அனுப்பும் பில்லில் ஏதாவது கூடுதலாகத் தெரிந்தால், புக்கிங் மெயிலின் மேலேயே பதில் எழுதாதீர்கள். பையர் அதில் இருக்கிறார். புது மெயில், To-வில் ஃபார்வர்டர், Cc-யில் உங்கள் அக்கவுண்ட்ஸ். அப்படியும் தீராவிட்டால் பையரைச் சேர்ப்பது உங்கள் கையில் இருக்கும் கடைசிச் சீட்டு. ஃபார்வர்டர் அவர் சொன்ன ஆள் என்பதால் அந்தச் சீட்டுக்கு மதிப்பும் உண்டு.

*வேலை கை மாறினால் To-வும் மாற வேண்டும்.* ஃபார்வர்டர் டிராஃப்ட் பி.எல். அனுப்புகிறார். அதில் வாங்குபவர் முகவரி சரியா என்று பையர்தான் சொல்ல வேண்டும். இப்போது வேலை பையரின் லாஜிஸ்டிக்ஸ் ஆளிடம் வந்துவிட்டது. அவரை Cc-யிலிருந்து To-வுக்குக் கொண்டுவாருங்கள். ஃபார்வர்டர் Cc-க்குப் போகட்டும். ஜிமெயிலில் பெயரைச் சுட்டியால் இழுத்து அடுத்த கட்டத்தில் விட்டால் போதும். பலர் Reply All அழுத்தி, இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். பிறகு டிராஃப்ட் யாரும் பார்க்காமல் மூன்று நாள் கிடக்கிறது.

லாரி விஷயம் எளிது. திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றியதும் வண்டி எண், டிரைவர் போன் எண், கார்ட்டன் எண்ணிக்கை ஆகியவற்றைக் கஸ்டம்ஸ் ஏஜென்டுக்கு To-வில் அனுப்புங்கள், ஃபார்வர்டர் Cc. பையருக்கு டிரைவரின் போன் எண் எதற்கு? அது இன்னொருவருடைய சொந்த எண்.

பையருக்கு மெயில்

சரக்கு கப்பல் ஏறியதும் ஷிப்மென்ட் விவரம் அனுப்புவீர்கள். To-வில் ஆர்டர் கொடுத்த பையிங் ஆள். Cc-யில் அவர்களுடைய லாஜிஸ்டிக்ஸ் ஆள். இடையில் பையிங் ஹவுஸ் இருந்தால் அவர்களும் Cc-யில் கட்டாயம். பையிங் ஹவுஸை விட்டுவிட்டு நேராகப் பேசுவது, வேண்டுமென்றே செய்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். அவர்களுடைய கமிஷன் பற்றிய மெயிலில் மட்டும் பையர் வரக் கூடாது.

உங்கள் பட்டறை, பிரிண்டிங் யூனிட், கார்ட்டன் சப்ளையர் யாருடைய முகவரியும் இந்த மெயிலில் தெரியக் கூடாது. Cc கட்டத்தை மட்டுமல்ல, கீழே ஒட்டிக்கொண்டு வரும் பழைய மெயில்களின் தலைப்பகுதியையும் உருட்டிப் பாருங்கள்.

தாமதச் செய்தி சொல்லும்போது Cc-யைச் சுருக்குங்கள். பையிங் ஆளுக்கும் பையிங் ஹவுஸுக்கும் மட்டும் முதலில் சொல்லுங்கள். அவருடைய மேலதிகாரியும் குவாலிட்டி ஆளும் லாஜிஸ்டிக்ஸ் ஆளும் ஒரே நேரத்தில் படித்தால், அவர் உங்களுக்கு விட்டுக்கொடுக்க நினைத்தாலும் முடியாது. புதுத் தேதி முடிவானதும் எல்லாரையும் சேர்த்து உறுதிப்படுத்துங்கள்.

Bcc: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

தீபாவளிக்கு ஐந்து நாள் கம்பெனி லீவு என்று எல்லா பையருக்கும் சொல்ல வேண்டும். இதுதான் Bcc-க்கு ஏற்ற மெயில்.

1. To-வில் உங்கள் சொந்த முகவரியைப் போடுங்கள்.
2. பையர் முகவரிகள் எல்லாம் Bcc-யில். ஜிமெயிலில் Ctrl+Shift+B அழுத்தினால் அந்தக் கட்டம் திறக்கும்.
3. அனுப்பும் முன் To-வையும் Cc-யையும் மறுபடி பாருங்கள். ஒட்டும்போது கட்டம் மாறுவதுதான் இதில் நடக்கும் விபத்து.

மாறினால் உங்கள் பையர் பட்டியல் முழுவதும் எல்லாருக்கும் போய்ச் சேரும். போட்டியாளருக்கு அதைவிட நல்ல பரிசு இல்லை. ஐரோப்பா, இங்கிலாந்து பக்கம் இது தனிமனிதத் தகவல் சட்டத்தையும் தொடும். 2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம், ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறத் தகுதி பெற்றவர்களுக்கு அனுப்பிய மெயிலில் 245 பேரின் முகவரிகள் Bcc-க்குப் பதிலாக To-வில் விழுந்தன. அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 2023-இல் 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. அங்கே உயிருக்கே ஆபத்து. நம் லீவு அறிவிப்பில் அந்த அளவு இல்லை. நழுவிய விதம் ஒன்றுதான்.

இன்னொரு நல்ல பயன், ஒருவரை உரையாடலிலிருந்து மரியாதையாக வெளியே விடுவது. பையரின் பழைய ஆள் உங்களைப் புது ஆளிடம் அறிமுகம் செய்துவைத்தார். பதிலில் பழையவரை Bcc-க்கு மாற்றி, முதல் வரியில் நன்றி சொல்லி, அவரை Bcc-க்கு மாற்றியதையும் எழுதிவிடுங்கள். உங்கள் பதில் அவருக்குக் கிடைக்கும். அதன்பின் மற்றவர்கள் Reply All அழுத்தினாலும் அவருக்குப் போகாது.

வேண்டாத இடம்: சப்ளையரோடு விலை பேசும்போது உங்கள் முதலாளியை Bcc-யில் ஒளித்து வைப்பது. அவர் போனில் அவசரமாகப் படித்துவிட்டு, "இதுக்கு மேல குடுக்காதப்பா" என்று Reply All அழுத்தினால் அது சப்ளையருக்கே போகும். ஒளிந்திருந்தவரும் தெரிந்துவிடுவார், உங்கள் உச்ச விலையும் தெரிந்துவிடும். அவருக்குக் காட்ட வேண்டுமென்றால், அனுப்பிய மெயிலை Sent பகுதியிலிருந்து தனியாக ஃபார்வர்டு செய்யுங்கள். ஒரு நிமிடம் கூடுதல், ஆபத்து இல்லை.

அனுப்பும் வரிசை

1. எழுதுங்கள், இணைப்பைச் சேருங்கள். முகவரிக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பாதியில் கை தவறி Send பட்டாலும் மெயில் போகாது.
2. பதில் மெயில் என்றால் இருக்கும் முகவரிகளை வெட்டி ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடித்தபின் ஒவ்வொருவராக, இவர் இன்னும் வேண்டுமா என்று கேட்டுச் சேருங்கள்.
3. முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் மெயில் நீட்டும் பெயரை நம்பாதீர்கள். செந்தில் என்று பட்டறையில் ஒருவர் இருப்பார், ஃபார்வர்டரிடம் ஒருவர் இருப்பார். பெயரைப் பார்க்காமல், @-க்குப் பின்னால் உள்ளதைப் பாருங்கள்.
4. கீழே தொங்கும் பழைய மெயில்களைக் கடைசி வரை உருட்டுங்கள்.
5. புதிதாக யாரையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ முதல் வரியில் சொல்லுங்கள்.
6. அனுப்புங்கள்.

எதிர்த் தரப்பு Reply மட்டும் அழுத்தி உங்களுக்கு மட்டும் பதில் போடுவதும் அடிக்கடி நடக்கும். ஸ்டோர்காரரையும் புரொடக்‌ஷன் மேனேஜரையும் மறுபடி Cc-யில் சேர்த்த பிறகே பதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் மாறிய தேதி உங்கள் ஒருவர் இன்பாக்ஸிலேயே தங்கிவிடும்.

பாதுகாப்பு: வங்கிக் கணக்கு மாற்றம்

நூல் மில்லிடமிருந்து ஒரு மெயில் வருகிறது: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். பழைய உரையாடல் கீழே அப்படியே இருக்கிறது. Cc-யில் மில் அக்கவுண்ட்ஸ் ஆளின் பெயரும் இருக்கிறது. ஆனால் முகவரியில் m இருக்க வேண்டிய இடத்தில் r-உம் n-உம் அடுத்தடுத்து இருக்கின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். Cc-யில் தெரிந்த பெயர்கள் இருப்பதால் நம்பிக்கை வரும். மோசடிக்காரர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். நீங்கள் Reply All அழுத்தினால் எல்லாப் பதிலும் அவருக்கே போகும்.

கணக்கு மாற்றம் என்று வந்தால் அந்த மெயிலுக்குப் பதிலே எழுதாதீர்கள். அதில் உள்ள போன் எண்ணையும் தொடாதீர்கள். பழைய பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அழைத்து, உங்களுக்குத் தெரிந்த குரலிடம் கேளுங்கள். பணம் போய்விட்டதென்றால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அப்போதே சொல்லுங்கள். நேரம் ஆக ஆகப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

தவறானவருக்குப் போய்விட்டால்

ஜிமெயிலில் அனுப்பியதும் Undo என்று சிறிது நேரம் தெரியும். முதலில் அது 5 விநாடிதான். Settings-இல் General பகுதியில் Undo Send என்ற இடத்தில் 30 விநாடியாக்கி வையுங்கள். அவுட்லுக்கில் Recall இருக்கிறதே என்று சிலர் நம்பியிருப்பார்கள். அது ஒரே நிறுவனத்துக்குள் போன மெயிலுக்குத்தான். வெளியே பையருக்கோ பட்டறைக்கோ போனதை அது திருப்பிக் கொண்டுவராது.

விநாடி தாண்டிவிட்டால் முதலில் போனை எடுங்கள். தவறி வந்ததை அழித்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அதையே ஒரு வரியில் அவருக்கு மட்டும் எழுதுங்கள். Reply All அழுத்தி மன்னிப்புக் கேட்டால், அதுவரை கவனிக்காதவரும் அந்த மெயிலைத் திறந்து பார்ப்பார். போனது விலையோ, இன்னொரு பையரின் விவரமோ என்றால் உங்கள் முதலாளியிடம் அன்றே நீங்களே சொல்லிவிடுங்கள். பட்டறைக்காரர் வாயிலிருந்து அவர் அதைக் கேட்பது மோசம்.